ஆரம்பக் கூட்டத்தின் எழுத்துப்பிரதி: வரிகளை எடுத்துக் கோர்ப்பதா, திருப்பிச் சொல்வதா?

சிறுபோக நெற்செய்கைக்கு முன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டம் ஒன்றைக் கைபேசியில் பதிவுசெய்து, பேசியதைப் பேசியபடி எழுத்தாக்கினால் இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு முப்பது பக்கம் தாண்டும். அதை யாரும் முழுதாக வாசிக்கப் போவதில்லை. கூட்டத்துக்கு வராத கமக்காரருக்கு வேண்டியது, தண்ணீர் எப்போது திறப்பார்கள், எத்தனை மாத நெல் விதைக்கலாம், மாடு எந்த நாளுக்குள் வெளியேற வேண்டும் என்ற மூன்று நான்கு விடயங்கள்தான். ஆகவே முப்பது பக்கத்தை ஒரு பக்கமாக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. கையால் செய்தாலும் மென்பொருளால் செய்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதல் வழியில் எழுத்துப்பிரதியில் உள்ள வரிகளில் முக்கியமானவற்றைத் தெரிந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எடுத்து வரிசையாக வைப்பார்கள். கணினித் துறையில் இதை எக்ஸ்ட்ராக்டிவ் சுருக்கம் என்பர். இங்கே எடுப்புச் சுருக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வழியில் முழுவதையும் வாசித்து விளங்கிக்கொண்டு, புதிய வசனங்களில் எழுதுவார்கள். அது அப்ஸ்ட்ராக்டிவ் சுருக்கம். இதை மறுமொழிச் சுருக்கம் என்போம்.

இவற்றைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது, எடுப்பு நம்பகமானது, மறுமொழி வாசிக்க இலகுவானது என்பது. பத்திரிகைச் செய்தி போன்ற எழுதப்பட்ட உரைக்கு அது பெருமளவு சரி. பலர் பேசும் கூட்டத்தின் எழுத்துப்பிரதிக்கு அது பாதிதான் சரி. ஏன் என்பதை ஒரு துண்டை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கீழே உள்ளது இந்தக் கட்டுரைக்காகக் கட்டிய மாதிரி. மட்டக்களப்பில் ஏதோ ஒரு குளத்தின் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் உள்ளது பதிவின் நேரம்.

12:40 பொறியியலாளர்: இப்ப குளத்தில இருக்கிற தண்ணிய வச்சுப் பார்த்தா மூவாயிரம் ஏக்கர் செய்யலாம். அதுக்கு மேல போனா கடைசித் தண்ணி குடுக்க ஏலாது.

19:05 கமக்காரர் 1: வருஷா வருஷம் கீழ்க்கண்டத்துக்குத் தண்ணி வந்து சேருறதில்ல. வாய்க்கால் துப்புரவாக்கினாத்தானே தண்ணி வரும், வாய்க்கால் முழுக்கப் பத்தையும் மண்ணும். வாய்க்கால் இப்பிடிக் கிடக்கத் தண்ணி திறந்து என்ன பிரயோசனம்?

31:20 தலைவர்: தண்ணி திறக்கிறத மார்ச் பதினெட்டில வைப்பம்.

31:34 கமக்காரர் 2: அது சரிவராது. மேல்கண்டத்தில இன்னும் வெட்டி முடியல்ல.

32:10 கமக்காரர் 1: வாய்க்கால் வேலைக்கும் ஒரு கிழமை வேணும்.

33:02 பொறியியலாளர்: அப்ப இருபத்தெட்டு?

33:06 பல குரல்கள்: ஓம், ஓம்.

33:10 தலைவர்: சரி, அதையே போடுங்க.

41:15 பொறியியலாளர்: மூன்றரை மாத நெல் போடக்கூடாது. மூன்று மாதத்துக்குள்ள வெட்டுறது மட்டும்தான்.

48:30 பண்ணையாளர்: மாட்ட ஏப்ரல் அஞ்சுக்குள்ள வெளியேத்தலாம். ஆனா போற பாதையில வேலி அடிச்சிருக்கு. அதத் திறந்து தந்தாத்தான் ஏலும்.

49:10 தலைவர்: பாதையப் பத்தி மறுகா பார்ப்பம். மாடு அஞ்சுக்குள்ள போகோணும்.

எடுப்புச் சுருக்கம் எதை எடுக்கிறது

வரிகளைத் தானாகத் தெரிவுசெய்யும் முறைகளின் ஆரம்பம் 1958. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் அந்த ஆண்டில் வெளியிட்ட முறை, ஒரு உரையில் அடிக்கடி வரும் பொருளுள்ள சொற்களை எண்ணி, அவை நெருங்கிக் கிடக்கும் வசனங்களை முக்கியமானவை என்று எடுத்தது. 2004இல் வந்த டெக்ஸ்ட்ரேங்க் என்ற முறை இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு வசனமும் மற்ற வசனங்களோடு எவ்வளவு சொற்களைப் பகிர்கிறது என்று பார்த்து, அதிக வசனங்களோடு ஒத்துப்போகும் வசனத்தை மேலே தூக்கும். இரண்டுக்கும் அடியில் உள்ள நம்பிக்கை ஒன்றுதான்: திரும்பத் திரும்பப் பேசப்படுவதே முக்கியமானது.

மேலே உள்ள துண்டை அந்தக் கண்ணால் பாருங்கள். 19:05இல் ‘வாய்க்கால்’ மூன்று தடவை, ‘தண்ணி’ மூன்று தடவை. அந்தப் பேச்சுத்தான் முதலிடம் பிடிக்கும். அடுத்தது 12:40. மூன்றாவதாக 31:20, ஏனென்றால் அதில் ‘தண்ணி’, ‘திறக்கிறது’ என்ற இரண்டும் இருக்கின்றன. மூன்று வரிச் சுருக்கம் என்று கேட்டால் இப்படி வரும்: மூவாயிரம் ஏக்கர் செய்யலாம், வாய்க்கால் முழுக்கப் பத்தையும் மண்ணும், தண்ணி திறக்கிறத மார்ச் பதினெட்டில வைப்பம்.

ஒவ்வொரு வரியும் கூட்டத்தில் சொல்லப்பட்டதுதான். எதுவும் மாற்றப்படவில்லை. ஆனாலும் சுருக்கம் பிழை. தண்ணீர் திறப்பது மார்ச் 28. பதினெட்டு என்பது பதினான்கு செக்கனில் மறுக்கப்பட்ட ஒரு யோசனை. அதை நம்பி ஒருவர் உழவுக்கு மெசின் பேசி, கூலியாட்களுக்குச் சொல்லி, முளைகட்டுவதற்கு விதைநெல்லையும் ஊறப்போட்டால் பத்து நாள் முந்திவிடுவார். முளைத்த நெல் பத்து நாள் காத்திருக்காது.

சரியான முடிவு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். “அப்ப இருபத்தெட்டு?”, “ஓம், ஓம்”, “சரி, அதையே போடுங்க.” இந்த மூன்று வரியிலும் தண்ணீர் என்ற சொல் இல்லை, திறப்பது என்ற சொல் இல்லை, மார்ச் என்ற சொல்கூட இல்லை. சொல்லை எண்ணும் எந்த முறைக்கும் இவை வெறும் இடைச்சொற்கள். பேச்சில் முடிவு இப்படித்தான் வரும். சண்டை நீளமாக இருக்கும், உடன்பாடு ஒரு சொல்லில் முடியும். எழுத்தில் இதற்கு நேர்மாறு. எழுதுபவர் முடிவைத் தனி வசனமாக நிறுத்தி எழுதுவார். செய்திக்கு நன்றாக வேலைசெய்யும் எடுப்பு முறை கூட்டத்தில் வழுக்கி விழுவது இதனால்தான்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘தண்ணி’, ‘தண்ணிய’, ‘தண்ணிக்கு’, ‘தண்ணியால’ எல்லாம் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் நான்கும் நான்கு சொற்களாக எண்ணப்படும். அதிகாரி ‘நீர் விநியோகம்’ என்பார், கமக்காரர் ‘தண்ணி குடுக்கிறது’ என்பார். இரண்டும் ஒன்றாகச் சேராது. எண்ணிக்கை சிதறிப்போக, கடைசியில் நீளமான வசனம் நீளத்துக்காகவே வெல்லும். கூட்டத்தில் நீளமாகப் பேசுபவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதற்காக எடுப்பு முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எடுக்கும் அலகை மாற்ற வேண்டும். ஒரு வசனத்தை எடுக்காமல், கேள்வி தொடங்கிய இடத்திலிருந்து ‘சரி’ விழுந்த இடம்வரை ஒரு பேச்சுவார்த்தையாக எடுக்க வேண்டும். நமது துண்டில் அது 31:20 முதல் 33:10 வரை, ஆறு வரி. அதைக் கண்டுபிடிக்க முடிவைக் காட்டும் சொற்களைத் தேடலாம்: ‘சரி’, ‘அப்ப’, ‘அதையே’, ‘போடுங்க’, ‘எழுதுங்க’, ‘முடிவு’, ‘தீர்மானம்’, ‘ஓம்’. குறிப்புச் சொற்களுக்குப் புள்ளி கொடுக்கும் இந்த யோசனை 1969இலேயே எட்மண்ட்சனின் ஆய்வில் இருந்தது. கையால் செய்பவர் எழுத்துப்பிரதியை வேர்டில் திறந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றிலும் நின்று மேலே நாலைந்து வரி வாசித்தால் போதும். கூட்டத்தின் முடிவுகளில் பெரும்பகுதி அதில் அகப்பட்டுவிடும்.

எடுத்த வரிகளில் ‘அது’, ‘அங்க’, ‘இவர் சொன்ன மாதிரி’ என்று வந்தால், எதைக் குறிக்கிறது என்பதைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். “சரி, அதையே [தண்ணீர் திறப்பு மார்ச் 28] போடுங்க” என்றவாறு. அடைப்புக்குள் இருப்பது சுருக்கியவரின் சொல், வெளியே இருப்பது பேசியவரின் சொல். இந்த எல்லையைக் காப்பாற்றினால்தான் அது எடுப்புச் சுருக்கம். அடைப்பில்லாமல் ‘அதை’ என்பதைத் ‘தண்ணீர் திறப்பை’ என்று மாற்றிவிட்டால், வாசகர் மேற்கோள் என்று நினைப்பது மேற்கோள் அல்ல.

மறுமொழிச் சுருக்கம் எங்கே வழுக்குகிறது

அதே துண்டுக்கு மறுமொழிச் சுருக்கம் ஒன்று இப்படி இருக்கலாம்:

“இம்முறை சிறுபோகத்தில் 3,000 ஏக்கர் செய்கைபண்ணத் தீர்மானிக்கப்பட்டது. மார்ச் 28இல் நீர் திறந்துவிடப்படும். அதற்கு முன்னர் வாய்க்கால்கள் துப்புரவு செய்யப்படும். மூன்று மாத நெல்லினங்களை மட்டுமே விதைக்கலாம். ஏப்ரல் 5க்குள் மாடுகளை வெளியேற்றப் பண்ணையாளர்கள் சம்மதித்தனர்.”

வாசிக்க அழகாக இருக்கிறது. திகதி சரி. நெல்லினமும் சரி. எடுப்பு தவறவிட்ட மார்ச் 28ஐ இது பிடித்துவிட்டது, ஏனென்றால் சிதறிக் கிடந்த வரிகளை ஒன்றாகப் பொருள்கொண்டு எழுதுவதுதான் இதன் பலம். ஆனால் மூன்று இடத்தில் கூட்டத்தில் நடக்காதது நடந்துவிட்டது.

முதலாவது, 3,000 ஏக்கர் என்பது பொறியியலாளரின் கணக்கு. இத்தனை ஏக்கர்தான் செய்வது என்று இந்தத் துண்டில் யாரும் தீர்மானிக்கவில்லை. இரண்டாவது, வாய்க்கால் துப்புரவாக்கப்படும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவர் முறையிட்டார், பிறகு அவரே ஒரு கிழமை வேண்டும் என்றார். முறைப்பாடு வேலைத்திட்டமாகிவிட்டது. மூன்றாவதுதான் மோசம். பண்ணையாளர் ‘பாதையைத் திறந்து தந்தால்தான்’ என்றார். நிபந்தனை உதிர்ந்து, வெறும் சம்மதமாக நிற்கிறது. தலைவர் அந்த நிபந்தனையை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பிற்போட்டார். ஏப்ரல் 6ஆம் திகதி மாடு வயலுக்குள் நின்றால், இந்தச் சுருக்கத்தை வாசித்தவர்கள் எல்லாருக்கும் பண்ணையாளர் சொன்ன சொல் தவறியவராகத் தெரிவார்.

இந்த மூன்று பிழைக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: பேச்சில் அரைகுறையாக நின்றது எழுத்தில் முழுமையாகிவிடும். யோசனை தீர்மானமாகும், ‘செய்யலாம்’ ‘செய்யப்படும்’ ஆகும், ‘ஆனா’வுக்குப் பின்னால் உள்ளது விழுந்துவிடும். மனிதர் எழுதினாலும் இது நடக்கும். மென்பொருளில் இன்னும் அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அது சரளமான கூட்ட அறிக்கைகள் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துப் பழகியது. அறிக்கை என்றால் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று முடிய வேண்டும் என்பது அதன் பழக்கம்.

பிழை வெளியே தெரியாது என்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து. எடுப்புச் சுருக்கம் பிழைத்தால் பெரும்பாலும் முடிச்சு அவிழ்ந்த மாதிரி ஏதோ உதைக்கும், வாசகர் சந்தேகப்படுவார். மறுமொழிச் சுருக்கத்தில் சரியான வசனமும் பிழையான வசனமும் ஒரே தொனியில் பேசும். சுருக்கத்தை மட்டும் எத்தனை தடவை வாசித்தாலும் எது பிழை என்று கண்டுபிடிக்க முடியாது. எழுத்துப்பிரதிக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும்.

எழுத்துப்பிரதியே பிழையாக இருக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருட்கள் மட்டக்களப்புப் பேச்சில் தடுமாறுவது வழக்கம். 49:10இல் உள்ள ‘மறுகா பார்ப்பம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்ப்போம் என்று இங்கே யாருக்கும் விளங்கும். அதை மென்பொருள் ‘மறுக்க பார்ப்பம்’ என்று எழுதிவிட்டால், எடுப்புச் சுருக்கத்தில் அந்த வரி அப்படியே கோணலாக நிற்கும். வாசிக்கும் கமக்காரர் சிரித்துவிட்டு, ‘மறுகா’வாக இருக்கும் என்று தானே திருத்திக்கொள்வார். மறுமொழிச் சுருக்கமோ அந்தக் கோணலை நிமிர்த்திவிடும்: “பாதை தொடர்பான கோரிக்கையைத் தலைவர் மறுத்தார்.” பிழை மறைந்து பொய்யான செய்தி பிறக்கிறது. ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதி. உறுகாமம் ‘உருகாமல்’ ஆகி, எடுப்பில் கண்ணில் குத்தும். மறுமொழியில் அந்தப் பெயரே காணாமல் போயிருக்கும்.

ஆகவே எழுத்துப்பிரதி தானாக எடுக்கப்பட்டு, ஒருவர் பதிவைக் கேட்டுத் திருத்தாமல் இருந்தால், மறுமொழிச் சுருக்கம் செய்யவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். முதலில் குறைந்தபட்சம் முடிவு வரிகளையும், எண்களையும், பெயர்களையும் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். ‘மூன்றரை’யும் ‘மூன்று’ம், ‘எட்டு’ம் ‘இருபத்தெட்டு’ம் சத்தமான மண்டபத்தில் ஒன்றாகக் கேட்கும்.

யாருக்கு எது

வாசகர் இதை வாசித்த பிறகு என்ன செய்யப் போகிறார் என்பதை வைத்துத் தெரிவுசெய்வதே சரி.

கூட்டத்துக்கு வராத கமக்காரர் இதை வாசித்துவிட்டு வேலையில் இறங்கப் போகிறார். அவருக்கு யார் என்ன சொன்னார் என்பது வேண்டாம், எது நின்றது என்பதுதான் வேண்டும். அவருக்கு மறுமொழிச் சுருக்கம். ஐந்தாறு வசனம், நாளும் அளவும் முன்னால். எடுப்புச் சுருக்கத்தை அவருக்கு அனுப்பினால், பதினெட்டா இருபத்தெட்டா என்று கேட்டுத் தொலைபேசி அடிப்பார். முடிவாகாத விடயத்தை முடிவாகவில்லை என்றே அவருக்குச் சொல்ல வேண்டும். “மாடு போகும் பாதை பற்றி முடிவில்லை” என்ற ஒரு வசனம் அந்தச் சுருக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பண்ணையாளருக்கும், வயலையும் நீரையும் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானைக்கும் இடையில் பின்னால் ஒரு தகராறு வந்தால், அங்கே சுருக்கத்தை வாசிப்பவர் ஒருவரின் சொல்லைப் பிடித்து வாதாடப் போகிறார். அவருக்கு எடுப்புச் சுருக்கம் தவிர வேறு எதுவும் உதவாது. 48:30உம் 49:10உம் அடுத்தடுத்து, நேரத்தோடு, எழுத்து மாறாமல். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுப்பது பக்கச்சார்பு. எடுப்பு என்பதாலேயே அது நேர்மையாகிவிடாது. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் ஒரு பக்கம் சாய்வதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஒருவரின் மேற்கோளை எடுக்கும்போது அதற்குக் கிடைத்த பதிலையும் எடுப்பது ஒரு விதியாக இருக்க வேண்டும்.

ஆய்வு செய்யும் மாணவருக்கும் செய்தி எழுதுபவருக்கும் பேசியவரின் சொல் தேவை என்பதால் எடுப்புத்தான் நல்லது. வாய்க்கால் பற்றிய 19:05ஆம் வரி முடிவு தேடுபவருக்கு வீண், ஆனால் கீழ்க்கண்டத்தின் மனநிலையை அறிய வருபவருக்கு அதுதான் விடயமே. சொல்லை எண்ணும் பழைய முறை அதை முதலிடத்தில் வைத்தது இந்த வாசகருக்குப் பிழையே அல்ல. எதைப் பற்றி அதிகம் பேசினார்கள் என்ற கேள்விக்கு அது நல்ல பதில்.

கமக்கார அமைப்பின் கோவையில் வைக்கும் பிரதிக்கு இரண்டும் வேண்டும். அதற்கான முறையைக் கீழே சொல்கிறோம். அலுவலகத்தின் கூட்ட அறிக்கைக்கு இது மாற்றீடு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்மானம் எதுவென்று கேள்வி வந்தால் நிற்கப்போவது அந்த அறிக்கை.

அம்பாறைப் பக்கத்தில் கூட்டம் இரண்டு மொழியில் நடப்பதுண்டு. கல்லோயா நீர் பாயும் வயல்களில் தமிழ் பேசுபவர்களும் சிங்களம் பேசுபவர்களும் ஒரே நீருக்குக் காத்திருக்கிறார்கள். பொறியியலாளர் சிங்களத்தில் பேச, பாதி மொழிபெயர்க்கப்பட்டு, பாதி விடுபட்டுப் போகும். இங்கே எடுப்புச் சுருக்கத்தால் மொழியைத் தாண்ட முடியாது. சிங்களத்தில் சொன்ன வரி சிங்களத்திலேயே நிற்கும். தமிழ் வாசகருக்கு மறுமொழிதான் வழி. ஆனால் நாள், ஏக்கர், அடி போன்ற எண்ணுள்ள வசனங்களுக்குப் பக்கத்தில் மூல வரியையும் நேரத்தையும் போட வேண்டும். அப்போது சிங்களம் தெரிந்த ஒருவரால் ஒரு நிமிடத்தில் சரிபார்க்க முடியும். மண்டபத்தில் மொழிபெயர்த்தவர் சொன்ன தமிழ் வரியை மூலமாகக் கொள்ளக்கூடாது. அதுவே ஏற்கெனவே ஒரு சுருக்கம்.

இரண்டையும் சேர்த்துச் செய்வது

நடைமுறையில் நன்றாக வேலைசெய்வது, முதலில் எடுத்து, பிறகு எடுத்ததிலிருந்து மட்டும் எழுதுவது. முப்பது பக்கத்திலிருந்து நேரடியாக எழுதாமல், இடையில் ஒரு மூன்று பக்க எடுப்பை வைப்பது.

முதல் வேலை, எழுத்துப்பிரதியை விடயங்களாகப் பிரிப்பது. நீர் அளவு, திறப்பு நாள், நெல்லினம், கால்நடை, வாய்க்கால் என்று நிகழ்ச்சிநிரல் எப்படிப் போனதோ அப்படி. பக்கக் கணக்கில் வெட்டக் கூடாது. மென்பொருளில் போடும்போது இது இன்னும் முக்கியம். மென்பொருளுக்குள் இருக்கும் பழைய மொழி மாதிரிகளில் சில, சொல்லை உடைத்து எண்ணும் சொற்துண்டுகளில் ஒரே தடவையில் 1,024க்கு மேல் வாங்கா. தமிழ்ச் சொல் ஒன்று பல துண்டாக உடையும் என்பதால் அது ஓரிரு பக்கத்திலேயே நிரம்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் 31:20 ஒரு துண்டிலும் 33:02 அடுத்த துண்டிலும் விழும். முதல் துண்டின் சுருக்கம் மார்ச் 18 என்று சொல்லும். இரண்டாவது துண்டுக்கு எதற்கு இருபத்தெட்டு என்றே தெரியாது. புதிய மாதிரிகள் முழுக் கூட்டத்தையும் ஒரே தடவையில் வாங்கினாலும், நடுப்பகுதியில் சொன்னதை நழுவவிடும் பழக்கம் அவற்றுக்கும் உண்டு. ஆகவே பிரிப்பது எப்படியும் நல்லது.

அடுத்து ஒவ்வொரு விடயத்துக்கும் முடிவுப் பேச்சை மேலே சொன்னபடி எடுப்பது, நேரத்தோடு. ஒவ்வொரு எடுப்புக்கும் முன்னால் நான்கில் ஒரு குறி போட வேண்டும்: முடிவு, யோசனை, முறைப்பாடு, பிற்போட்டது. இந்தக் குறிதான் முழு வேலையின் முதுகெலும்பு. நமது துண்டில் 12:40 யோசனை, 19:05 முறைப்பாடு, 31:20–33:10 முடிவு, 41:15 முடிவா என்று பதிவைக் கேட்க வேண்டிய ஒன்று (பொறியியலாளர் சொன்னார், மண்டபம் ஒப்புக்கொண்டதா?), 48:30–49:10இல் மாடு முடிவு, பாதை பிற்போட்டது. குறி போடும்போது தயங்கினால், அந்த இடத்தைத்தான் காதால் கேட்க வேண்டும்.

அதன்பிறகே எழுதுவது. ஒவ்வொரு வசனமும் ஒரு எடுப்பிலிருந்து மட்டும் வர வேண்டும், கடைசியில் அதன் நேரம் நிற்க வேண்டும். வினைமுற்றைக் குறியே தீர்மானிக்கும். முடிவு என்றால் ‘திறக்கப்படும்’, யோசனை என்றால் ‘என்று பொறியியலாளர் கூறினார்’, பிற்போட்டது என்றால் ‘முடிவாகவில்லை’. நமது துண்டு இப்படி முடியும்:

“தண்ணீர் திறப்பு மார்ச் 28 (33:10). மூன்றரை மாத நெல் விதைக்க வேண்டாம், மூன்று மாதத்துக்குள் வெட்டுவது மட்டும் என்று பொறியியலாளர் அறிவித்தார் (41:15). இருக்கும் நீருக்கு 3,000 ஏக்கர் செய்யலாம், அதற்கு மேல் போனால் கடைசித் தண்ணீர் கொடுக்க முடியாது என்றும் அவர் கூறினார் (12:40). மாடுகள் ஏப்ரல் 5க்குள் வெளியேற வேண்டும் (49:10). போகும் பாதையில் வேலி இருப்பதாகவும், அதைத் திறந்தால்தான் முடியும் என்றும் பண்ணையாளர் கூறினார் (48:30). பாதை பற்றி முடிவாகவில்லை (49:10). கீழ்க்கண்டத்து வாய்க்கால் துப்புரவாக்கப்படவில்லை என்ற முறைப்பாடு வந்தது, யார் செய்வது என்று முடிவாகவில்லை (19:05).”

முந்திய மறுமொழிச் சுருக்கத்தைவிட இது நீளம். அழகும் குறைவு. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது.

சரிபார்ப்பது இரண்டு திசையில் நடக்க வேண்டும். சுருக்கத்திலிருந்து பதிவுக்கு: ஒவ்வொரு நேரத்துக்கும் போய், எண், நாள், பெயர், ‘இல்லை’, ‘கூடாது’, ‘ஆனா’ ஆகியவற்றை மட்டும் பார்ப்பது. ஒரு பக்கச் சுருக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிறகு எழுத்துப்பிரதியிலிருந்து சுருக்கத்துக்கு: எழுத்துப்பிரதியில் உள்ள எல்லா மாதப் பெயர்களையும் எண்களையும் தேடி, ஒவ்வொன்றும் சுருக்கத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் தெரிந்துதான் விட்டோமா என்று கேட்பது. முதல் திசை இட்டுக்கட்டியதைப் பிடிக்கும், இரண்டாம் திசை விட்டுப்போனதைப் பிடிக்கும். ஒன்றைச் செய்து மற்றதை விடுவதுதான் பொதுவான தவறு.

மென்பொருள் விற்பவர்கள் காட்டும் மதிப்பெண்களைச் சரிபார்ப்புக்கு ஈடாக வைக்க வேண்டாம். அதிகம் புழங்கும் ரூஜ் என்ற அளவு 2004இல் வந்தது. மென்பொருளின் சுருக்கமும் மனிதர் எழுதிய சுருக்கமும் எத்தனை சொற்களைப் பகிர்கின்றன என்று எண்ணுவது அது. மார்ச் 28க்குப் பதில் மார்ச் 18 என்று எழுதினால் ஒரு சொல்தான் வேறு. மதிப்பெண் அவ்வளவாக அசையாது, வயல்தான் அசையும்.

கடைசியாக, வாசிக்காமல் கேட்பவர்கள். கண் தெரியாத மூத்த கமக்காரர்களுக்கும், வயலில் நிற்பவர்களுக்கும் சுருக்கம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் போகும். எடுப்புச் சுருக்கத்தை ஒருவர் வாசித்துப் பதிந்தால் யார் பேசுவது என்றே விளங்காது, பல பேரின் பேச்சு ஒரே குரலில் வரும். இங்கே மறுமொழிதான், அதுவும் பேச்சு நடையில், ஒரு நிமிடத்துக்குள். நேரக் குறிகளை வாசிக்க வேண்டாம், அவை எழுத்துப் பிரதியில் இருந்தால் போதும். எண்களை மட்டும் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும்: “தண்ணி திறக்கிறது மார்ச் இருபத்தெட்டு. மார்ச் மாசம் ரெண்டு எட்டு, இருபத்தெட்டு. பதினெட்டு இல்ல.” கூட்டத்துக்கு வந்து பாதியில் எழும்பிப் போனவர்கள் பதினெட்டு என்று ஊரில் சொல்லியிருப்பார்கள்.